நர்சிங்குக்கும் ஒரு விண்ணப்பம்

நீட் எழுதி மூன்று வாரம் ஆகியிருந்தது. ஜெபக்கூட்டத்தில் அஜிஷாவை டாக்டராகவே ஆக்கிவிட்டார்கள். ஆண்டவர் மகளுக்கு சீட் தந்துவிட்டார் என்று அவள் அப்பா ஞானசிகாமணி அங்கே சாட்சியே சொல்லிவிட்டார். இனி வேறு படிப்புக்கு எழுதிப் போட்டால் ஆண்டவரைச் சந்தேகப்பட்டதுபோல என்பது அவர் கட்சி. ரிசல்ட் வர இன்னும் மூன்று வாரம் இருக்க, வீட்டில் சந்தேகப்பட ஒருத்திதான் இருந்தாள்.

அஜிஷா அப்பாவிடம் சொல்லாமல் பி.எஸ்சி. நர்சிங்குக்கு விண்ணப்பிக்க, ஆன்லைன் மனுக்கள் போட்டுத் தரும் அட்சயா மையத்துக்குப் போனாள். பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே இடம் தருவார்கள். அவளிடம் நல்ல மதிப்பெண் இருந்தது. வெள்ளிக்கிழமை கடைசி நாள். கணினியில் இருந்த சானு பிறப்புச் சான்றிதழைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டாள்.

"மக்கா, நீ பிறந்தது மார்த்தாண்டமாக்கும். இதை வச்சா நீ கேரளக்காரியாவ மாட்டா."

அம்மா பிரசவத்துக்குத் தாய்வீடு போனது இப்படி வினையாகும் என்று யார் கண்டார்கள்? எல்லைக்குக் கேரளப் பக்கம் பாறசாலையில் வளர்ந்தவள், தமிழ்நாட்டுப் பக்கம் பிறந்திருந்தாள்.

"அப்பா இங்க பிறந்தவருதானே, அவருக்க எஸ்.எஸ்.எல்.சி. புக்குல பிறந்த இடம் உண்டு. அதைக் காட்டி வில்லேஜ் ஆபீசுல நீயும் கேரளக்காரிதான்னு சர்டிபிகேட் வாங்கு," என்றாள் சானு.

அந்த புக் அப்பாவின் பெட்டியில் பூட்டிக் கிடந்தது. சாயங்காலம் அஜிஷா அவர் முன்னால் போய் நின்றாள்.

"அப்பா, கோச்சிங் சென்டர்ல விடை போட்டாவ. நான் அண்ணைக்கே கூட்டிப் பாத்தேன். நானூத்திச் சொச்சம்தான் வரும். கவர்மெண்ட் காலேஜுக்கு அது காணாது. நர்சிங்குக்கும் போடணும், அதுக்கு உங்க எஸ்.எஸ்.எல்.சி. புக்கு வேணும்."

கோபப்படுவார் என்று நினைத்தவளுக்கு, அவர் முகம் வாடியதுதான் தாங்கவில்லை.

"இத்தற நாளும் ஏன் சொல்லல்ல?"

"நீங்க சந்தோசமா இருந்தீங்க."

அதற்குப் பிறகு அவர் பெட்டியைத் திறந்தார்.

மறுநாள் சானு ஆன்லைனில் மனுப் போட்டாள். அசலைக் காட்ட அப்பாவும் மகளும் புதன்கிழமை வில்லேஜ் ஆபீசுக்குப் போனார்கள். அங்கே நின்ற சபைக்காரர் சஜன் விடவில்லை.

"டாக்டருக்கு எழுதின பிள்ளையில்லியா? இது எதுக்கு சர்டிபிகேட்டு?"

அஜிஷா தலையைக் குனிந்துகொண்டாள். அப்பா ஏதாவது சொல்லி மழுப்புவார். பாவம், அவருக்கு வேறு வழியில்லை.

"நர்சிங்குக்கு," என்றார் ஞானசிகாமணி, ஆபீஸ் முழுக்கக் கேட்க. "நீட்டு கிடைச்சா அது, இல்லேங்கி இது. இனி ஜெபிக்கும்போ ரெண்டையும் சேத்து ஜெபிக்கணும் கேட்டீரா."

பிறகு மகள் பக்கம் திரும்பி, "நிமிந்து நில்லு மக்கா," என்றார்.