ஆறு மணி நேரம்

நான்கு காலைகளில் மொத்தம் ஆறு மணி நேரம் மாசாணம் கடிகாரத்தைக் கழற்றி வைத்திருந்தார் என்றது பதிவு.

மாசாணம் வால்பாறை எஸ்டேட் ஒன்றில் யானை வாட்சர். கொழுந்து பறிப்பவர்கள் வரும் முன்னே, ஐந்தரை மணிக்கு, காட்டோரமாக நடந்து யானை எங்கே நிற்கிறது என்று சொல்வது அவர் வேலை. கோவை கணபதியில் எங்கள் சின்னக் கம்பெனி செய்த கடிகாரம் அவர் கையில் இருந்தது. நாடித்துடிப்பு கிடைக்காவிட்டால் அது 'கழற்றப்பட்டது' என்று அலுவலகத்துக்கு அனுப்பிவிடும்.

"கழட்டிப்போட்டு லயத்து வீட்டுல தூங்கறாருன்னு மேனேஜர் சொல்றாரு. இன்னைக்குப் பத்து மணிக்கு வேலையை விட்டு எடுக்கப் போறாங்களாம்," என்றார் மாசாணத்தின் மனைவி வள்ளியாத்தாள். விடியும் முன்னே எஸ்டேட் பஸ் நிறுத்தத்தில் எனக்காகக் காத்திருந்தார். "நீங்கதானுங்களே டெஸ்ட் பண்றவங்க?"

தலையாட்டினேன். எங்கள் முதலாளி தம்பிதுரை சொல்லி அனுப்பியது வேறு. "கடிகாரம் சரி, போட்டவர் சரியில்லைன்னு எழுதிட்டு வாம்மா அன்புக்கரசி. நீ அதிகம் பேசற ஆளில்லை, அதனாலதான் உன்னை அனுப்பறேன்."

மாசாணத்தோடு நடந்தேன். ஏழு டிகிரி. மூடுபனி தேயிலைச் செடிகளின் மேல் கனமாகக் கிடந்தது. அவர் கடிகாரம் மணிக்கட்டில். இன்னொன்றை என் தோள்பையின் பட்டையில் மாட்டியிருந்தேன்.

"கையைக் காட்டுங்கண்ணா."

விரல்கள் வெளுத்திருந்தன. குளிரில் தோலுக்கடியில் இருக்கும் ரத்தக்குழாய்கள் சுருங்கிவிடும். கடிகாரத்தின் பச்சை விளக்கு தேடுவது அந்த ரத்தத்தின் ஏற்ற இறக்கத்தைத்தான். இரண்டு நிமிடம் பார்த்தேன். துடிப்பு எண் தடுமாறியது, பிறகு கோடாகியது. 'கழற்றப்பட்டது.'

"அடடே," என்றார் மாசாணம். "என் கையே எனக்கு எதிரா சாட்சி சொல்லுது பாருங்க அம்மணி."

சிரித்தார். பனித்துளிகள் திரையில் தாமாக ஒரு பட்டியலைத் திறந்தன. அவர் ஈர விரலால் மூட முயன்றார். திரை கண்டுகொள்ளவில்லை.

"ஆனை பக்கத்துல வந்தா இதைத்தானுங்க அமுக்கணும்?"

பையில் மாட்டியிருந்த கடிகாரத்தில் அதை அமுக்கிப் பார்த்தேன். சார்ஜ் முப்பத்திரண்டு சதவீதம் காட்டிக்கொண்டிருந்தது, செய்தி அனுப்பும் நொடியில் அணைந்துபோனது. உள்ளங்கைகளுக்குள் மூடி வைத்தேன். சற்று நேரம் கழித்துத் திறந்து ஆன் செய்தபோது இருபத்தொன்பது காட்டியது. சார்ஜ் எங்கும் போகவில்லை. குளிர்ந்த பேட்டரியால் கேட்ட வேகத்தில் கொடுக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

இதெல்லாம் எனக்குப் படிப்பில் தெரிந்தது. வெக்கையைத்தான் நாங்கள் பயந்து பயந்து சோதித்தோம். பெரியநாயக்கன்பாளையத்து வார்ப்படப் பட்டறைகளில் வேர்வை வழிந்து திரை தானே அழுந்தியதும், நாடி எண் துள்ளியதும், சூட்டில் சார்ஜ் ஏறாமல் நின்றதும் நேரில் பார்த்து, ஒவ்வொன்றையும் திருத்தினோம். சோதனை அறிக்கையில் அந்தப் பக்கங்கள் எல்லாம் உண்மை.

பத்து மணிக்கு மேனேஜர் ரவிக்குமாரின் அறை. ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. மாசாணம் கடிகாரத்தோடு நின்றார். துடிப்பு எழுபத்தாறு, பளிச்சென்று.

"பாருங்க. இங்க வந்தா நல்லா வேலை செய்யுது. ஒவ்வொரு தடவையும் இதே கதைங்க," என்றார் ரவிக்குமார்.

"இங்க சூடா இருக்குதுங்க," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். காலையில் எடுத்த படங்களைக் காட்டினேன்: வெளுத்த விரல், கோடாகிப்போன துடிப்பு, கையில் கட்டியபடியே 'கழற்றப்பட்டது'.

அவர் நிதானமாகப் பார்த்தார். பிறகு இழுப்பறையிலிருந்து எங்கள் சான்றிதழை எடுத்து மேசையில் வைத்தார்.

"ஐஞ்சு டிகிரி, நாலு மணி நேரம். நாடி, திரை, பேட்டரி எல்லாம் சரின்னு உங்க கம்பெனியே எழுதிக் கொடுத்திருக்குது. நான் இதை நம்பறதா, உங்க போட்டோவை நம்பறதா? ஒரு நாள் படம் யாரும் எடுக்கலாம்ங்க."

மாசாணம் என்னைப் பார்த்தார். வெளியே வள்ளியாத்தாள் சன்னல் ஓரமாக நின்றிருந்தார்.

மேசையில் சான்றிதழின் கடைசி வரி என் பக்கம் திரும்பியிருந்தது.

"இதை நம்பாதீங்க சார்," என்றேன். "அந்தக் கையெழுத்து என்னோடது. அன்னைக்குச் சாயந்திரம் பார்சல் போகணும்னாங்க. குளிர்ப்பெட்டில பத்து நிமிஷம்தானுங்க வெச்சேன். நாலு மணி நேரம்னு எழுதிட்டேன்."