மூன்றாவது வண்டி

செயற்கைப் பல் செய்யும் லேபில் அவளைப் பல்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முதலில் கேலியாக வைத்த பெயர், பதினெட்டு வருடங்களில் அதுவே நிலைத்துவிட்டது. மெழுகில் பல் வரிசை அடுக்கி, கடவாய்ப் பல்லின் மேடு பள்ளம் சரியாகக் கடிக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. மில்லிமீட்டரில் பாதி தவறினாலும் யாரோ ஒருவருக்குச் சாப்பாடு இறங்காது. அப்படிப்பட்ட கண்களில்தான் சில மாதங்களாக ஓரங்கள் மங்கத் தொடங்கியிருந்தன.

கண் மருத்துவமனைக்கு அவள் தனியாகத்தான் போனாள். கண்ணின் கருமணி விரிய மருந்து போடுவோம், துணைக்கு யாரையாவது கூட்டி வாருங்கள் என்று போனிலேயே சொல்லியிருந்தார்கள். மருந்து போட்ட நர்ஸ் மறுபடியும் கேட்டபோது, வெளியே உட்கார்ந்திருக்காங்க என்று சொல்லிவிட்டாள். யாரும் எட்டிப் பார்க்கப் போவதில்லை. வெளியே ஒரு வரிசை பிளாஸ்டிக் நாற்காலிகளும், பிறர் வீட்டுத் துணைகளும் இருந்தன.

மதியம் இரண்டரை மணிக்கு டாக்டர் கண் ஸ்கேன் படத்தை விரித்துக் காட்டி, கண்ணில் அழுத்தம் கூடியிருக்கிறது, நரம்பு கொஞ்சம் பாதிக்கப்பட்டிருக்கிறது, போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்ற தினமும் சொட்டு மருந்து விட வேண்டும் என்றார். அவள் தலையாட்டிக்கொண்டாள். கேள்வி இருக்கிறதா என்று டாக்டர் கேட்டதற்கு, வேலைக்குப் போகலாமா என்று மட்டும் கேட்டாள். போகலாம் என்றார்.

வாசலுக்கு வந்ததும் வெயில் கண்ணுக்குள் ஊசி மாதிரி இறங்கியது. தூரத்தில் இருந்ததெல்லாம் ஓரளவு தெரிந்தது. சாலைக்கு அந்தப் பக்கத்துக் கடைப் பலகையைக்கூடப் படிக்க முடிந்தது. ஆனால் கையில் இருந்த போன் வெறும் வெள்ளை வெளிச்சமாக இருந்தது. எழுத்துகள் எறும்பு ஊர்வது போல நெளிந்தன. வாடகைக் கார் ஆப்பில் எது எங்கே இருக்கிறது என்பது விரலுக்குப் பழக்கம். 'வீடு' என்று சேமித்து வைத்த இடத்தைத் தொட்டாள், கீழே இருந்த பெரிய பொத்தானைத் தொட்டாள். போன் ஒருமுறை அதிர்ந்தது. வண்டி கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

முதல் டிரைவர் கூப்பிட்டு எங்கே போகணும் என்று கேட்டார். சொன்னதும், அந்தப் பக்கம் வரமாட்டேன் என்று ரத்து செய்துவிட்டார். இரண்டாவது ஆள் பேசவே இல்லை. ஐந்து நிமிடம் காத்திருந்த பிறகு போன் இருமுறை அதிர்ந்து, அதுவும் போய்விட்டது தெரிந்தது. மறுபடி அதே இடங்களைத் தொட்டாள். மூன்றாவது வண்டி அமைந்தது. அதன் எண் என்ன, யார் ஓட்டுகிறார், எங்கே வருகிறது, ஒன்றும் படிக்க முடியவில்லை. கை நீட்டிப் பிடித்துப் பார்த்தாள், கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணிடம் படித்துக் காட்டச் சொல்லலாம் என்று நினைத்தாள். அந்தப் பெண் தன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அவளுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். ஏனோ வாய் வரவில்லை.

அப்போதுதான் ஒரு வெள்ளைக் கார் வந்து அவள் முன்னால் நின்றது. உள்ளே இருந்தவன் கண்ணாடியை இறக்கி, "வண்டிக்குத்தானே நிக்கறீங்க? ஏறுங்க" என்றான்.

அவள் கைப்பிடியை இழுத்துப் பின்கதவைப் பாதி திறந்துவிட்டாள். அந்த நேரத்தில் போன் அடித்தது. திரையில் யார் என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்து கூப்பிடுகிறார்களோ என்று எடுத்தாள்.

"அக்கா" என்றது குரல்.

அந்த ஒரு சொல்லைக் கேட்டு இரண்டு வருடங்கள் ஆகியிருந்தன. நான்கு மணி நேர ரயில் தூரத்தில், ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கும் தங்கை. அப்பா கடைசியாகப் படுத்திருந்தபோது, யார் எத்தனை நாள் பார்த்துக்கொள்வது என்ற பேச்சில் தங்கை சொல்லிவிட்டாள்: உனக்கென்ன, வீட்ல யார் காத்துட்டிருக்காங்க, நீயே பாத்துக்கயேன். சொன்னது ஒரு வரிதான். அப்பா போன பதினாறாம் நாள் பிரிந்தவர்கள், அதன் பிறகு ஒருவருக்கொருவர் போன் செய்துகொள்ளவில்லை.

"நீ எப்படி..." என்றாள் பல்லக்கா.

"கால் மணி நேரத்துல மூணு மெசேஜ் வந்துச்சு. மூணும் கண் ஆஸ்பத்திரி வாசல்ல இருந்து. என்னாச்சு உனக்கு?"

எந்த மெசேஜ் என்று ஒரு கணம் புரியவில்லை. பிறகு நினைவு வந்தது. அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு அலைந்த நாட்களில், ஆப்பின் பாதுகாப்புப் பகுதியில் தங்கையின் எண்ணைச் சேர்த்து, எல்லாப் பயணத்தையும் தானாகப் பகிரும்படி வைத்திருந்தாள். அதை அவள் மாற்றவே இல்லை. மழை நாளில் லேபுக்குப் போனது, பல் டாக்டர்களிடம் அச்சு வாங்கப் போனது, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூங்காவுக்குப் போய் பத்தே நிமிடத்தில் திரும்பி வந்தது, எல்லாம் தங்கைக்குப் போயிருக்கிறது.

"மருந்து போட்டிருக்காங்க, போன் தெரியல. வண்டி வந்துருச்சு, ஏறிட்டுப் பேசறேன்" என்றாள்.

"இரு. ஏறாதே. என் போன்ல உன் வண்டி இன்னும் பெட்ரோல் பங்க்கிட்ட திரும்பாம நிக்குது. முன்னாடி நிக்கிற வண்டி நம்பர் என்ன, படி."

அவள் கையை எடுத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போய், காரின் முன்பக்கம் பார்த்தாள். எண் பலகை தெளிவாகத் தெரிந்தது. கடைசி நான்கு எண்ணைச் சொன்னாள்.

"இல்ல. உன்னோடது ஏழு மூணு ஒண்ணு ஆறு. அதுவும் வெள்ளைதான். அவன்கிட்ட உன் பேரைச் சொல்லாதே. யாரைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கீங்கன்னு அவனையே கேளு."

கேட்டாள். அவன் சிரித்துக்கொண்டே, "ஆஸ்பத்திரில இருந்து ஒரு லேடின்னு போட்டிருக்கு. நீங்கதான்" என்றான்.

"பேர் சொல்லுங்க."

பேர் சரியாக விழவில்லை, நெட் இல்லை என்றான். நம்பர் வேறயா இருக்கே என்றதற்கு, ஆப்பில் பழைய வண்டி நம்பர் இருக்கும், புது வண்டி வாங்கி இன்னும் மாற்றவில்லை என்றான். பிறகு, எதுக்குக்கா யோசனை, அதை ரத்து பண்ணிட்டு ஏறுங்க, நேரா வீட்ல விட்டுடறேன் என்றான். குரலில் மரியாதைக்குக் குறைவில்லை. அதுதான் அவளுக்குக் குழப்பமாக இருந்தது. இப்படி நல்லவிதமாகப் பேசுகிறவனை வேண்டாம் என்று சொல்வது எப்படி என்று தெரியாமல் நின்றாள்.

"அக்கா, என்னை ஸ்பீக்கர்ல போடு" என்றாள் தங்கை.

ஸ்பீக்கர் பொத்தான் எங்கே என்று தேடித் தடவுவதற்குள் அவனே நிலைமையைப் புரிந்துகொண்டான். இஷ்டம் இல்லாட்டி விடுங்க என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, பாதி திறந்திருந்த பின்கதவைச் சரியாகச் சாத்தக்கூட நிற்காமல் கிளம்பிவிட்டான். அவன் யார், எதற்கு வந்தான் என்பது கடைசிவரை தெரியவில்லை. சவாரி பிடிக்க வந்த ஏதோ ஒரு டிரைவராகவும் இருக்கலாம். அவன் போன பிறகு அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"போயிட்டானா?"

"ம்."

"வாசல்ல செக்யூரிட்டி இருப்பாருல்ல, அவர் பக்கத்துல போய் நில்லு. வண்டி இப்பதான் திரும்புது."

அவள் நகர்ந்து நின்றாள். அடுத்த மூன்று நிமிடம் தங்கை வரைபடத்தைப் பார்த்துப் பார்த்துச் சொன்னாள். சிக்னல்ல நிக்குது. கிளம்பிருச்சு. மருந்துக் கடையைத் தாண்டிருச்சு. வேறு எதுவும் இருவரும் பேசவில்லை. பேச வேண்டியது நிறைய இருக்கும்போது வண்டி வருகிற வழியைப் பேசுவது சுலபமாக இருந்தது.

வந்து நின்ற காரின் எண்ணைப் படித்தாள். ஏழு மூணு ஒண்ணு ஆறு. அதற்கு முன்னால் இருந்த எழுத்துகளையும் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லித் தங்கை சரிபார்த்தாள்.

"டிரைவரைப் பாரு. போட்டோல மூக்குக்குப் பக்கத்துல மரு இருக்கு, அவருக்கு இருக்கா?"

"மீசைதான் இருக்கு."

"மீசை எல்லாருக்கும் இருக்கும். மரு இருக்கான்னு பாரு."

இருந்தது. நடுத்தர வயது டிரைவர், தன் மூக்கை ஒருத்தி இப்படி உற்றுப் பார்ப்பதைப் பொறுத்துக்கொண்டு, அவள் கேட்டதும் அவளுடைய பெயரைச் சரியாகச் சொன்னார். அதன் பிறகு பயணத்தைத் தொடங்குவதற்கான நான்கு இலக்க ஓடிபி எண்ணைக் கேட்டார். அது தங்கைக்குப் போகும் இணைப்பில் இருக்காது, அவளுடைய போனில் மட்டும்தான் வரும். கண்ணுக்கு மருந்து போட்டிருக்காங்க, நீங்களே பாத்துக்குங்க என்று திரையைக் காட்டினாள். அவர் பார்த்து எண்ணை அழுத்தினார். வண்டி கிளம்பியது.

தங்கை இணைப்பைத் துண்டிக்கவில்லை. வண்டி பெரிய சாலைக்கு வந்ததும், "டாக்டர் என்ன சொன்னாரு?" என்றாள்.

பல்லக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளிச்சமெல்லாம் பூத்துப் பூத்து நகர்ந்தது. சொன்னாள். நரம்பு, அழுத்தம், திரும்பாது, சொட்டு மருந்து. லேபில் யாருக்கும் சொல்லவில்லை என்பதையும் சொன்னாள். அந்தப் பக்கம் ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. யாரோ தங்கையிடம் ஏதோ ஃபைல் கேட்டார்கள். அப்புறம் தரேன் என்று அவள் சொன்னது காதில் விழுந்தது.

"தனியாவா போனே?"

"வேற யாரு வருவா."

சண்டைக்காகச் சொல்லவில்லை, அப்படியே வந்துவிட்டது. வண்டி வீட்டு வாசலில் நின்று, அவள் இறங்கி, சாவியைத் துவாரத்தில் தடவிப் பொருத்தும்வரை தங்கை இணைப்பிலேயே இருந்தாள். "பயணம் முடிஞ்சுதுன்னு காட்டுது" என்றாள் தங்கை. "சரி, வச்சிடறேன்."

அதன் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. தங்கை வரவில்லை. வா என்று இவளும் கூப்பிடவில்லை. அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, மருந்து போடுவதற்கு முன்பே திரும்புகிற நேரத்துக்கு வண்டியைப் பதிந்துவைக்கப் பழகியிருந்தாள். வண்டி எண் வந்ததும் தங்கையிடமிருந்து அழைப்பு வந்தது. எண்ணைச் சரிபார்த்தார்கள், அழுத்தம் எவ்வளவு என்று பேசினார்கள், பயணம் முடிந்ததும் பேச்சும் முடிந்தது. மழை நாள் ஒன்றில் லேபுக்குப் போகும்போதும் அழைப்பு வந்தது. தங்கையின் மகளுக்குப் பல் கம்பி போடலாமா என்று அன்று பேசினார்கள். வண்டி ஓடாத நாட்களில் இருவருமே கூப்பிட்டுக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டிருந்தால் இருவருக்கும் சொல்லத் தெரிந்திருக்காது.

ஒரு சனிக்கிழமை மதியம் லேப் சீக்கிரம் மூடிவிட்டது. வீட்டில் துணி மடித்து, பாத்திரம் கழுவி, சொட்டு மருந்து விட்டு, அது இறங்கும்வரை கண்ணை மூடிப் படுத்தாள். எழுந்தபோது மூன்று மணிதான் ஆகியிருந்தது. சுவர்க் கடிகாரம் தவிர வீட்டில் சத்தமில்லை. காய்கறிச் சந்தைக்கு ஒரு வண்டி கூப்பிட்டாள். நடந்தால் இருபது நிமிடம். வாங்க வேண்டியது எதுவும் இல்லை.

எண்ணைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், பெயரைக் கேட்டாள், ஏறினாள். போனை மடியில் வைத்துக்கொண்டாள். பாலம் தாண்டியது, சிக்னல் தாண்டியது, அழைப்பு வரவில்லை. சந்தை வாசலில் இறங்கி, இரண்டு எலுமிச்சம்பழம் வாங்கிக்கொண்டு நடந்தே திரும்பினாள்.

விளக்குப் போடும் நேரத்துக்கு ஒரு மெசேஜ் வந்தது. எழுத்தைப் பெரிதாக்கிப் படித்தாள்.

"ஸ்கூல்ல மீட்டிங். இப்பதான் பாத்தேன். சந்தைக்கு எதுக்குப் போனே?"

அவள் நெடுநேரம் யோசித்து, "சும்மாதான்" என்று எழுதி அனுப்பினாள்.