நீல ரவிக்கையின் உள்தையல்

ஏழாம் மாதம் பிறந்ததும் என் நீல ரவிக்கை கொக்கி மாட்ட மறுத்துவிட்டது. மூச்சை இழுத்துப் பிடித்தும் பார்த்தேன், பலனில்லை. யுத்த காலம். ராஜபாளையத்துக் கடைகளில் புதுத் துணி கேட்டால் கையை விரித்தார்கள். ஞாயிறு ஆராதனைக்கு எனக்கு இருந்த ஒரே நல்ல ரவிக்கை அதுதான். கல்யாணத்துக்கு மறுநாள் என் மாமியார் ரோசம்மாள், "ஒனக்குன்னே தைச்சது" என்று தந்தது.

தையல்காரர் அபுதாஹிர் பெண்களுக்கு அளவெடுக்க மாட்டார். அவர் மனைவி நூர்பானு அக்காதான் வீட்டுக்கு வருவாள். ஒரு நூலை என் நெஞ்சைச் சுற்றிப் பிடித்து முடிச்சுப் போட்டாள். பிறகு அந்த முடிச்சுக்கு வெளியே இரண்டு விரல் தள்ளி இன்னொரு முடிச்சுப் போட்டாள்.

"இது எதுக்கு?"

"இன்னிக்கு அளவுக்குத் தைச்சா அடுத்த மாசம் பத்தாது தாயி. பெத்த மூணாம் நாள் பாலு கட்டும்போது இன்னும் பெருக்கும். அப்போ இறுக்கிப் பிடிச்சா பாலு கட்டிக்கிட்டு நெறி கட்டும். பிள்ளை பிறந்ததும் ஒடம்பு பழையபடி ஆயிரும்னு நினைக்காதிய. எம்புட்டோ மாசம் ஆவும். அதனால உள்ளே இருக்க துணியை வெட்டவே கூடாது. இப்போ விடுவோம், பொறவு பிடிப்போம்."

பக்கத் தையலை ஊசி முனையால் பிரித்தாள். வெயில் படாத உள்துணி நல்ல அடர் நீலமாக இருந்திருக்க வேண்டும். வெளுத்துப் போயிருந்தது, வியர்வைக் கறை வேறு. நூர்பானு அக்கா அதை வெளிச்சத்தில் பிடித்தாள். வரிவரியாக ஊசித் துளைகள். அங்கங்கே கையால் தைத்த சிவப்பு நூலின் துணுக்குகள் சிக்கியிருந்தன.

"இதை முன்னமே ஆரோ போட்டிருக்காக," என்றாள். "பாருங்க, இது முதல் தையல். பொறவு ஒரு விரல் விட்டிருக்காக. பொறவு இன்னொரு விரல். இங்கே விளிம்பு வரைக்கும் வந்திருக்கு. மாசம் ஏற ஏற விட்டது தாயி இது."

"அப்புறம்?"

"பெத்தவ ஒடம்பு வத்த வத்த உள்ளே பிடிச்சிருக்கணும். அந்தச் செவப்பு நூலு உள்ளே திரும்பவே இல்ல. இந்த மிஷின் தையல் ஒங்களுக்காக நாங்க பிடிச்சது. மாமியார்தான் கொண்டாந்தாக, ஆரு போட்டதுன்னு எங்களுக்கு என்ன தெரியும்?"

நான் இரண்டாம் தாரம் என்பது எனக்குத் தெரியும். முதல் மனைவி கிருபை பிள்ளையே உண்டாகாமல் காய்ச்சலில் போய்விட்டாள் என்று சொல்லித்தான் என்னைக் கட்டிக்கொண்டார்கள். அவளுக்கு எட்டு, ஒன்பது மாத வயிறு இருந்தது என்று ரவிக்கை சொல்கிறது. அவள் விட்டு வைத்த துணிக்குள் என் உடம்பைத் திணித்துக்கொண்டு நானும் ஞாயிறுதோறும் பாட்டுப் பாடியிருக்கிறேன்.

ரவிக்கையை அப்படியே எடுத்துப்போய் அடுப்படியில் மாமியின் முன்னால் விரித்தேன். என் கணவர் தேவஇரக்கம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தையலைப் பார்த்ததும் சோற்றில் கையை வைத்தபடியே இருந்துவிட்டார்.

"காய்ச்சல்ல செத்தான்னுதானே சொன்னோம்," என்றார் மாமி. "காய்ச்சல்ல தான் செத்தா. பொய் சொல்லல."

"எப்போ வந்த காய்ச்சல் மாமி?"

மாமி விறகைத் தள்ளினார்.

"பெத்து மூணாம் நாள்," என்றார் என் கணவர். "பிள்ளையும் தங்கல."

"ஆரு பிரசவம் பார்த்தது?"

"ஒனக்குப் பேசி வச்சிருக்க அதே மருத்துவச்சிதான்," என்றார் அவர். உள்ளே பிள்ளை ஒரு உதை உதைத்தது.

"சொல்லியிருந்தா எவன் எங்களுக்குப் பொண்ணு குடுப்பான்?" என்றார் மாமி.

"சொல்லாம இருந்தா நான் செத்திருப்பேனே. அடுத்தவளுக்கும் இதே ரவிக்கையைத்தான் பிடிச்சுக் குடுத்திருப்பிய."

மாதம் நெருங்கியதும் என் கணவரே வில்வண்டி கட்டி, வெள்ளைக்கார டாக்டரம்மா இருந்த ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் என்னைச் சேர்த்தார். நூர்பானு அக்கா தாராளமாக விட்டுக் கொடுத்திருந்த ரவிக்கையும் கூடவே வந்தது. மூன்றாம் நாள் அவள் சொன்னபடியே பால் கட்டி, அந்த ரவிக்கையும் இறுகியது. கொக்கியைக் கழற்றிவிட்டுப் பிள்ளைக்குக் கொடுத்தேன். இரவெல்லாம் என் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். சுடவில்லை.

பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் சமயத்தில் ரவிக்கை பக்கங்களில் தொளதொளவென்று கிடந்தது. நூர்பானு அக்காவைக் கூப்பிடவில்லை. சிவப்பு நூல் வாங்கிவரச் சொல்லி, நானே உட்கார்ந்து ஒரு விரல் உள்ளே பிடித்துத் தைத்தேன்.

மாமி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு வெகுநேரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிருபையும் செவப்பு நூல்லதான் தைப்பா," என்றார்.

அந்தப் பெயரை மாமி வாயால் அன்றுதான் கேட்டேன்.