நாற்பத்தைந்து பாயிண்ட் காற்று

மலைமேல் இருக்கும் புதூர்நாட்டில் பஞ்சர் கடை ஒன்றுதான் உண்டு. அதை நடத்துகிற ரஞ்சிதத்துக்கும் வாய் ஒன்றுதான், ஆனால் அது நான்கு கடைக்குப் போதும். கணவன் போன பிறகு ஒண்டியாளாக நின்று லாரி டயரையே புரட்டிப் போடுகிறவள். தன் தொழிலில் தப்பு என்று யாராவது சொல்லிவிட்டால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது.

வியாழக்கிழமை சாயங்காலம், வாடகைக்கு வண்டி ஓட்டுகிற மணிவேலின் ஜீப் கொல்லிமேட்டு வளைவில் சறுக்கிவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு ஆறு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மேலே அவர்கள் ஊருக்குப் போகும்போதுதான். தூறல் விழுந்திருந்தது, தார் மேல் செம்மண் வழிந்திருந்தது. பின்பக்கம் வெட்டிப் போய் மண்மேட்டில் இடித்து நின்றது. மறுபக்கம் சறுக்கியிருந்தால் பள்ளம். அதில் இருந்த, கொல்லிமேட்டு ஆனந்தியின் மகள் செந்தாமரைக்கு இடது கை முறிந்தது.

சனிக்கிழமை காலை கொல்லிமேட்டுக்காரர்கள் இறங்கி வந்து ரஞ்சிதத்தின் கடை முன்னால் நின்றார்கள். ஜீப்பும் அங்கேதான் நின்றது. பிள்ளைகளை இனி மணிவேலிடம் விடுவதா, வேண்டாமா என்று அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். அந்தப் பள்ளி நடைக்குக் கிடைக்கிற கூலியில்தான் அவன் வீட்டு அடுப்பு எரிகிறது.

ஊருக்காகப் பேசுகிறவர் அருணகிரி. நேராக ரஞ்சிதத்தைப் பார்த்தார்.

"ரஞ்சிதம், டயர் நீ போட்டது. நீயே சொல்லு. டயர் கெட்டதா, ஓட்டினவன் கெட்டவனா?"

"பதினஞ்சு ஸ்பீடுக்கு மேல போகலண்ணே," என்றான் மணிவேல். இதை அவன் இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான், கேட்கத்தான் ஆளில்லை.

ரஞ்சிதத்துக்குச் சுருக்கென்றது. போன மாதம்தான் பழைய ஒல்லி டயர்களைக் கழற்றச் சொல்லி, அகல டயர்களை அவள் அவன் தலையில் கட்டியிருந்தாள். அகலம் கூடினா ரோட்டக் கவ்வி இழுக்கும்டா, மழையா வெயிலா, ஒன்னும் ஆவாது என்று சொன்னதும் அவள்தான்.

"எங்க டயரா கெட்டது? இப்பவே காட்டுறேன் பாருங்க," என்றாள்.

பிள்ளைகளின் எடைக்கு ஈடாக மூன்று புளி மூட்டைகளைப் பின்னால் ஏற்றச் சொன்னாள். ஜாக்கி வைத்துப் பின்சக்கரத்தைத் தூக்கினாள். டயரில் கழிவு ஆயிலைப் பூசி, கீழே பழைய காலண்டர் தாளைத் திருப்பி வைத்து, மெல்ல இறக்கி, மறுபடி தூக்கினாள். சாலையை டயர் தொடுகிற இடம் கறுப்பாகத் தாளில் விழும். அதன் அகலத்தைக் காட்டி எல்லோர் வாயையும் அடைப்பதுதான் அவள் எண்ணம்.

தாளை எடுத்துப் பார்த்தாள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தடம். டயரின் நடுப்பகுதி மட்டும் அழுத்தமாக விழுந்திருந்தது. இரண்டு ஓரங்களும் தாளைத் தொடவே இல்லை.

காற்று அளவைக் குத்திப் பார்த்தாள். நாற்பத்தைந்து பாயிண்ட்.

அப்போதுதான் வியாழன் காலை நினைவுக்கு வந்தது. திருப்பத்தூர் சந்தைக்கு எட்டு மூட்டை புளி ஏற்றியிருந்தான் மணிவேல். "பின்னால ரெண்டுலயும் நாப்பத்தஞ்சு அடிக்கா," என்றான், அடித்துவிட்டாள். அந்தப் பாரத்துக்கு அது சரிதான். குறைந்த காற்றில் அவ்வளவு எடையை ஏற்றினால் டயரின் பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடித்துவிடும். ஆனால் புளியை இறக்கிய பிறகு? அதே காற்றோடு வெறும் வண்டியாக ஏறி வந்தான், பிள்ளைகளை ஏற்றினான். மதியம் அவன் கடையைத் தாண்டிப் போனதை அவள் பார்த்தாள். கையைக் கூட ஆட்டினாள்.

மேலும் ஐந்து மூட்டைகளை ஏற்றச் சொல்லி அதே காற்றில் இன்னொரு தடம் எடுத்தாள். அது நீண்டு, பரந்து விழுந்தது. ஐந்தையும் இறக்கி, காற்றை இருபத்தெட்டுக்குக் குறைத்து எடுத்தாள். அதுவும் கிட்டத்தட்ட அதே அளவு. எடை குறைந்தால் தடம் சுருங்குகிறது, காற்று குறைந்தால் விரிகிறது. சென்டிமீட்டர் கட்டம் போட்டு எண்ணிப் பார்த்தாள். வியாழக்கிழமைக் காற்றில் மூன்று மூட்டையோடு விழுந்த முதல் தடம் நூற்றிருபது கட்டம், இருபத்தெட்டில் நூற்று எழுபத்தைந்து.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஸ்டெப்னியாகக் கிடந்த பழைய ஒல்லி டயர் கண்ணில் பட்டுவிட்டது. அதை மாட்டி, அதே மூட்டை, அதே இருபத்தெட்டில் எடுத்தாள். அகலம் குறைவு, நீளம் கூடுதல். எண்ணினால் நூற்று எழுபத்திரண்டு.

அகலம் தடத்தின் உருவத்தை மாற்றியதே தவிர, அளவை மாற்றவில்லை. ஒரு மாதமாகக் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அவள் பெருமை அடித்தது வெறும் பேச்சு.

மற்றவர்களுக்கு அந்தத் தாள்களெல்லாம் ஆயில் கறைதான். அருணகிரி பொறுமை இழந்தார்.

"இன்னா, டயர் நல்லாத்தானே கீது?"

"நல்லாத்தான் கீது."

"அப்போ ஓட்டினவன் தப்பு. முடிஞ்சுது."

மணிவேல் கைலி நுனியை முறுக்கிக்கொண்டு நின்றான். ரஞ்சிதம் சும்மா இருந்தால் போதும், அவள் பேருக்கு ஒரு குறையும் வராது. அந்த நினைப்பு வந்ததே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"முடியலண்ணே," என்றாள். "காத்து தப்பு. எட்டு மூட்டைக்கு அடிச்ச காத்துல ஆறு புள்ளைங்கள ஏத்தினா டயர் கல்லாட்டம் வெறச்சுக்கும். ரோட்ட முழுசாத் தொடாது, ஒவ்வொரு கல்லுக்கும் துள்ளும். செம்மண் சேத்துல அது எங்கேர்ந்து புடிக்கும்? இவன் மெதுவாப் போயும் சறுக்கினது அதனாலதான். காத்த எறக்காம ஏத்தினது இவன் தப்பு. அடிச்சுட்டு, வரும்போது எறக்கிக்கோன்னு சொல்லாதது என் தப்பு. அகல டயர் சறுக்காதுன்னு தைரியம் குடுத்ததும் நாந்தான்."

ஆனந்திதான் முன்னால் வந்தாள். அவள் சத்தம் போட்டிருந்தால் ரஞ்சிதம் தாங்கியிருப்பாள்.

"திங்கக்கெழம காத்தப் பாத்து அனுப்புக்கா," என்றாள் ஆனந்தி. "அனுப்பிட்டு நீயும் கூட ஏறு. பின்னால, புள்ளைங்களோட. அப்புறம் சொல்றோம்."

திங்கட்கிழமை மதியமே மழை. ரஞ்சிதம் நான்கு சக்கரங்களிலும் இரண்டு தடவை குத்திப் பார்த்தாள், பின்னால் இருபத்தெட்டு. கடையைச் சாத்திவிட்டு ஏறினாள். எத்தனையோ வண்டிகளை அந்த மலைக்கு அனுப்பியவள், பின்சீட்டில் உட்கார்ந்து அந்த வளைவுக்குப் போவது இதுவே முதல் தடவை. பக்கத்தில் கையில் மாவுக்கட்டோடு செந்தாமரை.

வளைவு வந்தது. மணிவேல் நடக்கிற வேகத்துக்குக் குறைத்தான். ரஞ்சிதம் கம்பியை இறுக்கிப் பிடித்தாள். பயந்தாள், அதை மறைக்கவும் அவளால் முடியவில்லை. சக்கரம் சேற்றில் லேசாக அலைந்து, பிடித்து, ஏறியது. பிள்ளைகள் 'ஓ' என்று கத்தினார்கள்.

செந்தாமரை மட்டும் கத்தவில்லை.

"அத்த, இன்னிக்கி எவ்ளோ காத்து?"

"இருவத்தெட்டு."

"அன்னிக்கி?"

"நாப்பத்தஞ்சு."

"அது ஜாஸ்தின்னு உனக்கு அன்னிக்கே தெரியுமா?"

சந்தைக்குப் போகிற பாரத்துக்கு அடித்தது, திரும்பி வரும்போது அவன் கேட்கவில்லை, மதியம் கடையில் கூட்டம். சொல்ல எவ்வளவோ இருந்தது. ரஞ்சிதம் அந்த மாவுக்கட்டைப் பார்த்தாள்.

"தெரியும்மா," என்றாள்.

செந்தாமரை சற்று நேரம் அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு நகர்ந்து ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.