வாழைப்பழம் இல்லாத சனிக்கிழமை

சனிக்கிழமை காலை, நாட்டுப்பண் பாடி முடிந்ததும் அடிகா சார் மேடையேறினார். கர்நாடகத்தில், ஆகும்பே மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் பள்ளிக்கு அவர்தான் தலைமையாசிரியர். நான் கணக்கு டீச்சர். அவர் பேச ஆரம்பித்தால் நான் மனதுக்குள் மத்தியானத்துக்கு என்ன குழம்பு வைக்கலாம் என்று யோசிக்கத் தொடங்கிவிடுவேன். அன்று முடியவில்லை. வாசல் கேட்டருகே சுதாகர பூஜாரி கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

அவர் மகள் சுப்ரீதா, ஒன்றாம் வகுப்பு. போன வாரம் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தபோது ஒரு குரங்கு பிடுங்கியது. பிள்ளை விடவில்லை, அது முழங்கையில் கடித்துவிட்டது. இன்னும் ஊசி பாக்கி இருக்கிறது. கூண்டு வைத்துக் குரங்குக் கூட்டத்தையே பிடித்து எங்காவது விட்டுவிடலாம் என்று ஊரே கொதித்தது. அடிகா சார் வீடு வீடாகப் போய்க் கெஞ்சி ஒரு மாதம் அவகாசம் வாங்கினார். பள்ளியில் யாரும் ஒரு பருக்கைகூடப் போடமாட்டோம், அவை தாமாகவே காட்டுக்குத் திரும்பிவிடும் என்பது அவர் கொடுத்த வாக்கு. ஒருவர் போட்டாலும் கூண்டு வந்துவிடும்.

இதில் கூத்து என்னவென்றால், அதுவரை தீனி போட்டுவந்ததில் முதல் ஆளே அடிகா சார்தான். ஆஞ்சநேயருக்கு வேண்டுதல். சனிக்கிழமை பூஜை முடித்து ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வருவார். காது கிழிந்த பெண்குரங்கு ஒன்று, வயிற்றைக் கட்டிக்கொண்ட குட்டியோடு, மேடைப்படியில் காத்திருக்கும். பிள்ளைகள் அதற்கு 'ஹெச்.எம். அக்கா' என்று பெயர் வைத்திருந்தார்கள். சுப்ரீதாவைக் கடித்ததும் அந்த அக்காதான்.

"கடிச்சது குரங்கு, பழக்கினது நான்" என்று ஆரம்பித்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முந்நூறு பிள்ளைகளுக்கு முன்னால் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வந்திருக்காது.

"காட்டுல அதுங்க அத்திப்பழம், நாவப்பழம், கொழுந்து, பூச்சின்னு நாள்பூரா தேடித் திங்கும். கன்னத்துப் பையில அடைச்சிக்கிட்டுப் போய்க் கொட்டையைத் துப்பும். அந்தக் கொட்டைதான் நம்ம காடு. நம்ம பிஸ்கட்டும் சிப்ஸும் தின்னா பல்லு சொத்தையாகும், சர்க்கரை நோய் வரும். குட்டி அடிக்கடி போடும். பயம் விட்டுப்போய் ரோட்டுல உக்காந்து லாரில அடிபடும். கூண்டு வெச்சு வேற காட்டுல விட்டா அங்க இருக்கற கூட்டம் கடிச்சுத் துரத்தும். இங்க சோறு கொட்டிக் கிடந்தா வேற கூட்டம் வந்து உக்காரும். அதனால மத்தியானம் மிச்சச் சோத்தை இனிமே மதிலோரம் கொட்டக்கூடாது. மூடி போட்ட தொட்டியிலதான்."

ஐந்தாம் வகுப்பு கீர்த்தன் கையைத் தூக்கினான். "புண்ணியம் போயிடுமே சார்?"

"ஆஞ்சநேயர் குட்டியா இருக்கறப்ப சூரியனைப் பழம்னு நெனச்சுத் தாவினார்டா. யாராவது உரிச்சுக் குடுங்கன்னு கேட்டாரா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். சுதாகர பூஜாரி சிரிக்கவில்லை.

"ஒண்ணு கேட்டுக்கோங்க. நிறுத்தின உடனே அதுங்க போகாது. முன்னைவிட ஜாஸ்தியா வரும், இழுக்கும், மிரட்டும். அப்ப மனசு எளகி ஒரே ஒரு பழம் குடுத்தாலும் எல்லாம் போச்சு. விடாம இழுத்தா கெடைக்கும்னு கத்துக்கும். பல்லைக் காட்டினா சிரிக்குதுன்னு நெனைக்காதீங்க. கண்ணைப் பாக்காதீங்க, ஓடாதீங்க. கையில இருக்கறதைப் பிடுங்க வந்தா மட்டும் போட்டுட்டு மெல்ல..."

அவர் முடிக்கவில்லை. மதிலிலிருந்து தொப்பென்று குதித்து, குட்டியோடு அது வந்துவிட்டது. சனிக்கிழமை என்று அதற்கு யார் சொன்னார்களோ. நேராக மேடையேறி அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தது.

"அக்கா வந்துட்டா" என்று யாரோ முணுமுணுத்தார்கள். பக்கத்தில் நின்ற சுப்ரீதா என் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சுதாகர பூஜாரி கேட்டைத் திறந்து இரண்டடி உள்ளே வந்து நின்றார்.

அடிகா சார் இரண்டு கைகளையும் விரித்து மெல்லத் தாழ்த்தினார். அது உள்ளங்கையை முகர்ந்தது. நம்பாமல் புறங்கையையும் திருப்பிப் பார்த்தது. புருவத்தை உயர்த்தி, வாயைத் திறந்து அவர் முகத்துக்கு நேரே மிரட்டியது. அவர் பார்வையை மேடைப்பலகைக்குத் தாழ்த்திக்கொண்டார். மனுஷன் பின்வாங்கவில்லை. அந்த நிமிடம் அவரைப் போல ஒருவரோடு வேலை பார்க்கிறேன் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

"யாரும் பைக்குள்ள கைவிடாதீங்க கண்ணுங்களா" என்றார், தலை நிமிராமலே.

ஒரு கைகூட அசையவில்லை. குட்டி மட்டும் தாயின் வயிற்றிலிருந்து கையை நீட்டி, அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தேடிக்கொண்டிருந்தது.