பாஸ்வேர்டைப் போனில் சொல்லாதே

நியூகாசில் கடற்கரையில், கடல்காகங்கள் சுற்றி நிற்க, ப்ரையோனிக்குத் தலைகால் புரியவில்லை. கணினி உதவி மேசையில் உட்கார்ந்து ஊராரின் மறந்துபோன பாஸ்வேர்டுகளை மாற்றிக்கொடுத்தே நாலு வருடம் ஓட்டியவளுக்கு, ஒரே வாரத்தில் இரண்டு கணினிப் பாதுகாப்பு வேலைகள் கிடைத்திருந்தன, திருடர்களுக்கு முன்னால் கணினிகளில் ஓட்டை தேடுகிற வேலைகள். சிட்னி ஆலோசனை நிறுவனத்துக்கு இன்று மூன்று மணிக்குள் பதில் சொல்லியாக வேண்டும். உள்ளூர் வங்கியோ அவசரமே காட்டவில்லை.

"சிட்னிக்காரங்க வருஷத்துக்குத் தொண்ணூத்தாறாயிரம் டாலர்ங்கிறாங்க. பேங்க்ல எண்பத்திரண்டுதான்" என்றாள்.

வீட்டைப் பகிர்ந்துகொள்ளும் தோழி லோசா, பஸ் ஓட்டுநர் சீருடையோடு சூடான சிப்ஸை அள்ளி வாயில் போட்டாள். "அப்புறம் என்னடி யோசனை?"

"அது பேக்கேஜ். சூப்பர்ங்கிற ஓய்வூதியப் பணமும் அதுக்குள்ளயே அடக்கம். பன்னெண்டு சதவீத சூப்பரை எடுத்துட்டா கிட்டத்தட்ட எண்பத்தாறுதான். பேங்க் சொன்ன எண்பத்திரண்டுக்கு மேல சூப்பர் தனியா வரும்."

"அப்போ நாலாயிரம்தான் வித்தியாசமா? திருட்டுப் பசங்க!"

திருட்டு இல்லை, எல்லாரும் பேசுகிற கணக்குதான். ஆனால் அவளைக் குடைந்தது பணமல்ல. இரண்டு நேர்காணலிலும் அவள் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தாள்: கடைசியாகக் கண்டுபிடித்த பாதுகாப்பு ஓட்டை என்ன ஆனது? ஆலோசனை நிறுவனத்துக்காரர், "அறிக்கையில எழுதிக் கொடுத்துட்டோம். அடைச்சாங்களான்னு தெரியாது. நாங்க அடுத்த வாடிக்கையாளர்கிட்டப் போயாச்சு" என்றார். வங்கியில் நேர்காணல் நடத்திய டிமிட்ராவோ, மென்பொருள் எழுதுபவர்களோடு மூன்று வாரம் மல்லுக்கட்டி ஓட்டையை அடைத்த கதையைக் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள்.

"ஆனா அங்க போனா மாசம் ரெண்டு புது கம்பெனி சிஸ்டத்தை உடைச்சுப் பாக்கலாம்டி" என்றாள் லோசா. "பேங்க்ல ஒரே பூட்டையே ஆட்டிட்டு இருப்பே. முறை வெச்சு ராத்திரி போன் வேற வரும்."

"உண்மைதான். அங்க சீக்கிரம் கத்துக்கலாம். ஆனா பேங்க்லயும் சொல்லிக்கொடுக்க ரெண்டு மூத்தவங்க இருக்காங்க. எனக்கு அந்த ஓட்டை அடைபட்டுச்சான்னு தெரியணும், லோசா."

"அப்போ பேங்க்லயே சம்பளத்தைக் கூட்டிக் கேளு."

"கேட்டா வேலையையே பிடுங்கிட்டா?"

"சரி, ஒத்திகை. நான்தான் டிமிட்ரா." லோசா ஒரு சிப்ஸைப் போன் மாதிரிக் காதில் வைத்துக் குரலைத் தேனாக்கினாள். "ப்ரையோனி செல்லம், இப்போ எவ்ளோ வாங்குறீங்க?"

"எழுபத்தி ஒண்ணு" என்று பட்டென்று சொல்லிவிட்டாள்.

லோசா மணலில் உருண்டு சிரித்தாள். "அடிப்பாவி! அது தெரிஞ்சா அதுக்கு மேல கொஞ்சம்தான் தருவாங்க. பாஸ்வேர்டைப் போன்ல கேட்டா கொடுத்துருவியா? ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவ நீ!"

ப்ரையோனிக்கும் சிரிப்பு அடங்கவில்லை. சிரித்துக்கொண்டே எண்ணை அழுத்தினாள்.

"டிமிட்ரா, எனக்கு உங்ககிட்டதான் வரணும். ஆனா வேற இடத்துல சூப்பர் இல்லாமலே எண்பத்தாறுகிட்ட வருது. தொண்ணூறு, சூப்பர் தனி. கொடுத்தா இன்னிக்கே கையெழுத்து போட்டுடுறேன்."

"இப்போ எவ்ளோ வாங்குறீங்க?"

லோசா கண்ணை உருட்டினாள்.

"அதைப் பாஸ்வேர்டா வெச்சிருக்கேன். போன்ல சொல்லக் கூடாதுன்னு எங்க ஆபீஸ்ல கண்டிப்பு."

அவள் பதில் சொல்லும்வரை வாயைத் திறக்காதே என்று லோசா உதட்டில் விரல் வைத்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு கடல்காகம் பாய்ந்து பொட்டலத்தோடு பறந்தது.

"டேய் திருட்டுப் பயலே! கொடுத்துட்டுப் போடா!" என்று லோசா கடற்கரையே அதிரக் கத்தினாள்.

"அது... என்னையா சொன்னாங்க?" என்றாள் டிமிட்ரா.

"இல்ல! ஐயோ, இல்ல! காகம்! சிப்ஸ்!"

டிமிட்ரா விழுந்து விழுந்து சிரித்தாள். "கால் மணி நேரம் கொடுங்க. மேல கேட்டுட்டு வர்றேன்."

அந்தக் கால் மணி நேரத்தில் ப்ரையோனி முழங்கால் வரை கடலில் இறங்கி ஏறிவிட்டாள். போன் ஒலித்தது.

"தொண்ணூறு முடியாது. எண்பத்தேழு, சூப்பர் தனி. ராத்திரிப் போன் முறைக்குத் தனியா அலவன்ஸ். ஒரு பயிற்சியும் சான்றிதழ்த் தேர்வும் எங்க செலவு. எழுத்துல அனுப்பட்டுமா?"

"அனுப்புங்க! வந்ததும் போடுறேன்!"

கடிதம் போனிலேயே வந்தது. சொன்னதெல்லாம் இருந்தது. கையெழுத்திட்டுவிட்டு, மூன்று மணிக்குச் சற்று முன்னால் சிட்னிக்குப் பேசி, வரவில்லை என்றாள். அவர்கள் உடனே ஒரு லட்சம் என்றார்கள். பேக்கேஜ்தான். கழித்துப் பார்த்தால் எண்பத்தொன்பதுக்கு மேல், வங்கியைவிட இரண்டாயிரம் கூடுதல்தான். மனம் ஒரு நொடி தடுமாறியது.

"ரொம்ப நன்றி. ஆனா வேண்டாம். எனக்கு ஓட்டையை அடைக்கணும்" என்றாள்.

வைத்ததும் லோசாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கடலைப் பார்த்துக் கத்தினாள்: "எண்பத்தேழு! சூப்பர் தனீ!"

லோசா அவள் வாயைப் பொத்தினாள். "பாஸ்வேர்டு, பாஸ்வேர்டு! காகத்துக்குக் கேட்டுடப் போகுது!"