எழுத்து மூலம்

தையல்காரி ஆளை நம்பினாள். வினை அங்கேதான் வந்தது.

வீடு வாங்க அவள் கொடுத்த விருப்பக் கடிதத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. கட்டடத்தைச் சோதித்ததில் திருப்தி இல்லையென்றால் விலகிக்கொள்ளலாம், முன்பணம் திரும்பி வரும். சோதிக்க வந்த இன்ஜினியர், பின்சுவர் அஸ்திவாரத்தோடு இறங்குகிறது என்று அறிக்கை கொடுத்தார். அவள் உடனே வீட்டுக்காரருக்குப் போன் செய்து வேண்டாம் என்றாள். "அதுக்கென்னம்மா, அதான் சொல்லிட்டீங்களே" என்று அவரும் இனிக்க இனிக்கப் பேசினார்.

இன்று மதியம் புரோக்கர் கூப்பிட்டார். "எழுதிக் கொடுத்துட்டீங்கதானே?"

"வாயால சொன்னேனே சார்."

"போச்சு! எழுத்து மூலம்னு கடிதத்துலயே இருக்கே. இன்னைக்குத்தான் கடைசி நாள், சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள அவர் கையிலயோ வீட்டு முகவரியிலயோ சேரணும். தவறினா நிபந்தனை போயிடும். அப்புறம் விலகினா முன்பணம் அவருக்குத்தான்."

எத்தனை வருடம் ஊசியும் நூலுமாகக் குனிந்து சேர்த்த பணம்! விலகுவதாக அவசர அவசரமாக எழுதிக் கையெழுத்துப் போட்டு, அக்காவின் ஸ்கூட்டரில் ஏறினாள். வழியெல்லாம் சிக்னல்கள் அவளுக்கென்றே சிவந்தன.

வீட்டுக்காரரின் போன் அணைந்திருந்தது. மணியடித்தார்கள், தட்டினார்கள். உள்ளே ஓடிக்கொண்டிருந்த டிவி சட்டென்று நின்றது. அந்த மனிதர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஐந்து மணிக்காகக் காத்திருக்கிறார் என்று புரிந்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"நாளைக்குக் கடிதத்தை வாங்கவே இல்லைனு சாதிப்பாருக்கா. என்ன பண்றது?"

"அழுதது போதும், கதவுக்கு அடியில தள்ளு" என்று அக்கா போனை நீட்டி வீடியோ எடுக்க ஆரம்பித்தாள். "யாரு, எதுக்கு வந்தோம், மணி என்ன, எல்லாம் சத்தமாச் சொல்லு."

அவள் வாய் குழறக் குழறச் சொன்னாள். கடிதத்தைப் பிரித்து, எழுத்து தெரியும்படி காட்டிவிட்டு உள்ளே தள்ளினாள். அது மறைந்தது. கதவுக்கு அப்பால் காகிதம் சரசரத்தது. பிறகு சத்தமே இல்லை. கிழிக்கிறாரோ, கொளுத்துகிறாரோ என்று அவள் கதவில் காதை வைத்தாள்.

கடிதம் அதே இடுக்கு வழியாக வெளியே வரத் தொடங்கியது. வாங்காதது மாதிரி ஆக்கிவிடலாம் என்று நினைத்தார் போலும். பாதி வந்து வாசல் மிதியடியில் சிக்கிக்கொண்டது. அதை வெளியே தள்ள, பச்சைக்கல் மோதிரம் போட்ட விரல் ஒன்றும் கூடவே வந்தது. விருப்பக் கடிதத்தை ஏற்றுக் கையெழுத்துப் போட்டபோது அவள் பார்த்த அதே மோதிரம்.

அவள் குனிந்து எடுக்கப் போனாள். அக்கா அவள் கையைத் தட்டிவிட்டு, போனை இன்னும் கீழே இறக்கினாள்.

"தொடாதே! சார், இன்னும் கொஞ்சம் தள்ளுங்க. மோதிரம் வீடியோவுல சரியா விழலை."

விரல் விசுக்கென்று உள்ளே போனது. தையல்காரி அந்த வாசலிலேயே உட்கார்ந்து, அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் குலுங்கினாள்.